ஃபெமினாவின் கீபோர்டு

திருச்சி பாலக்கரைப் பக்கம் யாராவது செத்துப்போனால், பந்தல்காரருக்கு அடுத்தபடியாகத் தைரியராஜுக்குத்தான் தகவல் வரும். ஆண்டி என்பவருடைய அச்சகத்தில் அவர் கம்ப்யூட்டரில் எழுத்தமைக்கும் டிடிபி ஆபரேட்டர். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி அட்டை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் அவர் கை படாமல் வெளியே போகாது. கல்யாணப் பத்திரிகையும் அடிப்பார்கள். ஆனால் கல்யாணக்காரர்கள் ஒரு மாதம் முன்னாலேயே வந்து எழுத்துக்கு எழுத்து குறை சொல்வார்கள். சாவுக்காரர்கள் அவசரத்தில் வருவார்கள், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு அடிப்பதுதான் தைரியராஜுக்குப் பிடிக்கும்.

முன்பெல்லாம் வெள்ளைத்தாளில் எழுதிக் கொண்டுவருவார்கள். இப்போது மேட்டர் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. வந்ததை அப்படியே எடுத்து டிசைனில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களை என்ன செய்வது? ஆண்டியின் கம்ப்யூட்டரில் இருப்பது அரதப் பழசான டிசைன் சாஃப்ட்வேர். போனில் இருக்கும் தமிழ் யூனிகோடு. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண். பழைய ஃபான்டுகளோ ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்துப் பிழைப்பு நடத்துகிறவை. யூனிகோடை நேராக ஒட்டினால் பாதி கட்டம் கட்டமாக நிற்கும், மீதியில் கொம்பு இடம் மாறிப் பின்னால் போய்த் தொங்கும். அதனால் நடுவில் ஒரு கன்வெர்ட்டரில் போட்டு, பழைய ஃபான்டுக்கு மாற்றி, அதன்பிறகு ஒட்ட வேண்டும். மாற்றிய பிறகு கன்வெர்ட்டரில் பார்த்தால் ஏதோ பூனை கீபோர்டில் நடந்ததுபோல ஆங்கில எழுத்தாகக் கிடக்கும். டிசைனில் ஒட்டி, ஃபான்டைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழாக எழுந்து நிற்கும். "ஏங்க, தமிழ் உடையுதே" என்று வாடிக்கையாளர்கள் அவரிடம் கோபிப்பார்கள், ஏதோ அவர்தான் சுத்தியலால் அடித்து உடைத்த மாதிரி. உடைவது தமிழ் இல்லை, ஒரு மெஷினுக்கு இன்னொரு மெஷின் பேசுவது புரியவில்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

இருபது வருடம் இந்த வேலை பார்த்ததில் அவர் கண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. அச்சுக்கு முன்னால் மேட்டரைப் பார்ப்பார், படிக்க மாட்டார். கொம்பு சரியான இடத்தில் நிற்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா, ஸ்ரீ உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் கண் ஓடும். எழுத்து முழுசாக இருந்தால் போதும். அது என்ன சொல்கிறது என்பது செத்தவர் வீட்டுப் பாடு.

அப்படிப்பட்ட மனிதர் தன் மனைவி ஃபெமினாவின் அஞ்சலி போஸ்டரையும் தானே அடித்தார். கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தவள். காலையில் தலைவலி என்று படுத்தாள், சாயங்காலம் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. "நீங்க ஏன்யா, நான் வேற ஆளை வச்சு அடிச்சுக்கறேன்" என்று ஆண்டி கெஞ்சியும் கேட்காமல் உட்கார்ந்து அடித்தார். ஒரு கொம்பு பிசகவில்லை.

அடுத்த மாதம் அவருடைய போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போயிற்று. கைக்கு அகப்பட்டது ஃபெமினாவின் போன். சிம்மை மாற்றி அதில் போட்டுக்கொண்டார். நாலு நாளைக்கு என்றுதான் நினைத்தார்.

முதல் நாளே அது நடந்தது. ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்ப 'எங்க' என்று அடித்தார். கீபோர்டுக்கு மேலே மூன்று சொற்கள் காட்டும் பட்டை இருக்கிறதே, அதில் நடுவில் 'இருக்கீங்க' என்று வந்து நின்றது. அதைத் தொட்டார். உடனே 'சாப்ட்டீங்களா' என்றது. தொட்டார். 'மழை' என்றது. 'வருது' என்றது. 'சீக்கிரம்' என்றது. நட்டநடு மத்தியானம், பக்கத்து டீக்கடையில் வடை போடும் சத்தம், வாசலில் பஸ் ஹாரன். அத்தனைக்கும் நடுவில் தைரியராஜுக்குப் பின்கழுத்து சில்லிட்டது. அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

ஃபெமினா போனில் தமிழில்தான் எழுதுவாள். மற்றவர்கள் மாதிரி ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது அவளுக்கு ஆகாது. "ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் அழகா தமிழ்ல அடிக்கிறீங்க. உசிரோட இருக்கிற பொண்டாட்டிக்கு மட்டும் வி ஏ ஆர் இ என்-னா?" என்று சண்டை போடுவாள். உண்மைதான். அவள் ஒரு நாளைக்குப் பத்து முறை 'எங்க இருக்கீங்க' என்று கேட்பாள், இவர் ஆங்கிலத்தில் 'varen' என்று தட்டிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். இப்போது யோசித்தால் நெஞ்சு எரிகிறது. மூன்று எழுத்து தமிழில் அடிக்க என்ன கேடு வந்தது?

அதன்பிறகு பழைய போனைச் சரிசெய்யவே இல்லை. கடை வேலை முழுவதும் அவள் போனிலேயே நடந்தது. மேட்டர் அதில்தான் வரும், அதிலேயே திருத்திக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவார். வேலைக்கு நடுவே, யாரும் பார்க்காதபோது, 'எங்க' என்று அடித்துப் பட்டையைத் தொடுவார். அவள் கேட்பாள். படித்துவிட்டு அழித்துவிடுவார். 'மாத்திரை' என்றால் 'போட்டீங்களா' என்பாள். 'சண்டை' என்றால் 'வேணாம்' என்பாள். பூசைக்குக்கூட அவர் அவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.

சில மாதங்களில் அவள் பேச்சில் ஏதோ கலந்தது. 'சாப்ட்டீங்களா' என்றதற்கு அடுத்து ஒரு நாள் 'அன்னாரின்' என்று வந்தது. தொட்டதும் 'ஆன்மா' என்றது. இன்னொரு நாள் 'மழை வருது' என்று ஆரம்பித்து 'கண்ணீர் அஞ்சலி' என்று முடிந்தது. தைரியராஜ் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். செத்தவள் சாவுச் செய்தி சொல்கிறாளே, யாருக்குச் சொல்கிறாள், எனக்கா என்று பயந்தார். ஜெபமாலையைப் பையில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். ஆனால் போனைத் தொடாமல் இருக்க மட்டும் முடியவில்லை.

இந்த நிலையில்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து கோபு என்பவருடைய மேட்டர் வந்தது. அவருடைய அப்பா காலமாகிவிட்டார், அவர்கள் பேச்சில் சொன்னால் ஆசார்யன் திருவடி அடைந்துவிட்டார், பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரச் சடங்குக்குக் கார்டு அடிக்க வேண்டும். ஸ்ரீரங்கத்து மேட்டர் என்றாலே தைரியராஜுக்குத் தலைவலி. வரிக்கு வரி ஸ்ரீ வரும். சில போன்களில் அந்த ஸ்ரீயை வேறு ஒரு எழுத்தை வைத்து அமைத்திருப்பார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், கன்வெர்ட்டருக்கு மட்டும் அது யாரென்றே தெரியாது, ஓட்டை விட்டுவிட்டுப் போய்விடும். அத்தனை ஸ்ரீயையும் போனிலேயே ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தபோது கோபு போன் செய்தார்.

"அப்பா படத்துக்குக் கீழ ஒரு வரி விட்டுப்போச்சு. 'எங்கள் நெஞ்சில் என்றும்'னு போட்டுடுங்கோ. நேக்கு நேரமே இல்லே, நீங்களே சேத்துடுங்கோ."

தைரியராஜ் கடைசி வரிக்குப் போய் அடிக்க ஆரம்பித்தார். எ, ங், க என்று வந்ததும் விரல் பழக்கத்தில் பட்டைக்குப் போயிற்று. 'எங்க' என்பதைத் தொட்டது, அடுத்து 'இருக்கீங்க' என்பதைத் தொட்டது. அவள் கேட்டாள். அழிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து ஆண்டி, "தைரியம், ஃப்ளெக்ஸ்காரன் வந்து நிக்கிறான், எங்க வச்சீங்க அந்தக் கரூர் வேலையை?" என்று கத்தினார். எழுந்து போனார். திரும்பி வந்தபோது மேட்டரின் கடைசியில் ஒரு வரி இருந்தது. சேர்த்தாயிற்று என்று நினைத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, கன்வெர்ட்டரில் போட்டு, டிசைனில் ஒட்டினார். கண் ஓடியது. ஸ்ரீ எல்லாம் முழுசு. கொம்பு எல்லாம் இடத்தில். புள்ளி எல்லாம் விழுந்திருக்கிறது. ப்ரூஃபைப் படமாகக் கோபுவுக்கு அனுப்பினார், படமாக அனுப்பினால் எந்தப் போனிலும் எழுத்து உடையாது. கோபுவும் தேதியையும் பேர்களையும் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றார். கார்டு அச்சாகிப் போயிற்று.

மறுநாள் காலையில் கோபு போனில் போட்ட சத்தம் பக்கத்து டீக்கடை வரை கேட்டது. திருமண் இட்டுக்கொண்டு சிரிக்கும் பெரியவர் படத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில், 'எங்க இருக்கீங்க'.

"வெளையாட்டா இருக்கா உங்களுக்கு? பந்துக்களுக்கெல்லாம் போயாச்சு. கேலி பண்றேளா?"

ஆண்டி மிச்சமிருந்த ஒரு கார்டை எடுத்துப் பார்த்தார், தைரியராஜைப் பார்த்தார், திட்ட வாயெடுத்தவர் கார்டைக் கவிழ்த்து வைத்தார். "வேற அடிச்சுக் குடுத்துடுங்க. நீங்களே நேர்ல போயி மன்னிப்பு கேட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஸ்ரீரங்கம் போவதற்கு முன்னால் தைரியராஜ் சிங்காரத்தோப்புக்குப் போனார். அங்கே போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஷேக் தாவூது அவருக்குப் பழக்கம். போனை அவர் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். அவள் பேசுவது, சாவுச் சொற்கள் கலந்தது, கார்டில் வந்து நின்றது எல்லாம். தாவூது சிரிக்கவில்லை. அதற்காகவே தைரியராஜுக்கு அவர்மேல் மரியாதை கூடிற்று.

"அண்ணே, கீபோர்டு கத்துக்கும்ணே. நம்ம எதை அதிகமா அடிக்கிறோமோ, எதுக்கப்புறம் எதை அடிக்கிறோமோ, அதைப் பாத்து வச்சுக்கும். இத்தனை வருசம் அவங்க அடிச்சாங்க, அதனால அவங்க பேச்சு வந்துச்சு. இப்ப நீங்க அடிக்கிறீங்க."

"அப்ப அந்த அஞ்சலி?"

"உங்களுதுதாண்ணே. நீங்கதான் தினம் அதுல அன்னாரின் ஆன்மான்னு அடிக்கிறீங்க. அதையும் கத்துக்குச்சு. புதுசு ஏற ஏறப் பழசு பின்னாடி போகும்."

தைரியராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். பேய் என்று பயந்தபோதுகூட இவ்வளவு பயம் இல்லை. அவளைக் கேட்க வேண்டும் என்று எடுத்த போனிலேயே இத்தனை மாதமாக அவளை அவரே அழித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஊர்ச் சாவையெல்லாம் கொண்டுபோய் அவள் வாயில் திணித்திருக்கிறார்.

"இதை வேற போனுக்கு எடுத்து வைக்க முடியுமா?"

"போட்டோ வரும், மெசேஜ் வரும். இது அப்படியே வரும்னு நான் சொல்ல மாட்டேண்ணே. கத்துக்கிறதை நிறுத்தி வச்சா, கத்துக்கிட்டதைச் சொல்றதும் நின்னுடும். ஒண்ணு பண்ணுங்க, இனிமே இதுல ஒரு எழுத்துகூட அடிக்காதீங்க. உங்க பழைய போனுக்கு டிஸ்ப்ளே மாத்திக் குடுக்கறேன். இது மிச்சம் இருக்கிறபடி இருக்கட்டும்."

அன்றே சிம் பழைய போனுக்குப் போயிற்று. ஃபெமினாவின் போனைத் தைரியராஜ் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இனி தொட மாட்டேன், யாரையும் தொட விடவும் மாட்டேன் என்று மாதா கோயில் வாசலில் நின்று சொல்லிக்கொண்டார். அவளிடம் மிச்சமிருப்பது நாலைந்து வார்த்தை. அதுவாவது கெடாமல் இருக்க வேண்டும்.

புதிதாக அடித்த கார்டுகளோடு ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சித்திரை வீதியில் அந்த வீட்டைத் தேடிப் போனபோது மணி பதினொன்று இருக்கும். கோபு வெளியே போயிருந்தார். அவருடைய அம்மா அரவிந்தவல்லிதான் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். கலெக்டர் ஆபீஸில் தமிழ் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயரானவர் என்று அவரே சொன்னார். பக்கத்தில் ஒரு பட்டன் போன் கிடந்தது.

"வாங்கோ, ஒக்காருங்கோ. கோபு கத்தினானாமே? அவன் சுபாவம் அது."

"தப்பு என்னுதுதாம்மா. மன்னிச்சுக்குங்க. புதுசா அடிச்சுக் கொண்டாந்திருக்கேன்."

அரவிந்தவல்லி புதுக் கார்டைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து பழைய கார்டை எடுத்தார். வீட்டில் மிச்சமிருந்ததையெல்லாம் கோபு கிழித்துப் போட்டுவிட்டானாம், இதை மட்டும் இவர் ஒளித்து வைத்திருந்தார்.

"யார் எழுதினது இதை?"

பொய் சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. ஃபெமினாவைப் பற்றியும் போனைப் பற்றியும் தாவூது சொன்னதையும் சொல்லிவிட்டார். இனிமேல் அதில் ஒரு எழுத்துகூட அடிக்கக் கூடாது என்று வைத்திருப்பதையும் சொன்னார்.

கேட்டு முடித்த அந்த அம்மாள் கார்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"இத்தனை நாளா வர்றவாள்லாம் அவர் எங்க இருக்கார்னு எங்கிட்ட சொல்றா. வைகுண்டங்கறா, பெருமாள் திருவடிங்கறா. வாஸ்தவந்தான், நான் இல்லேங்கல. ஆனா எனக்குக் கேக்கணும்னு இருக்கே, அதை யார்கிட்ட கேக்கறது? கேட்டா, அப்படியெல்லாம் பேசப்டாதுங்கறா. இந்தக் கார்டைப் பாத்தப்போ, யாரோ எனக்காகக் கேட்டாப்பல இருந்துது."

தைரியராஜ் கையிலிருந்த புதுக் கார்டுக் கட்டைத் தரையில் வைத்தார்.

"அந்தப் போனைக் கொஞ்சம் தரேளா? ஒரே ஒரு தரம். முப்பத்தஞ்சு வருஷமா ஊருக்கெல்லாம் டைப் அடிச்சேன், அவருக்குன்னு ஒரு வரி அடிச்சதில்லே."

முடியாது என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. பழைய போன் அடுத்த பையிலேயே இருந்தது, அதைக் கொடுத்திருக்கலாம். கை அதைத்தான் முதலில் தொட்டது. ஆனால் அந்த அம்மாள் கேட்டது அதை இல்லை. கேள்வி பிறந்த இடத்தில் தன் கேள்வியையும் வைக்க வேண்டும் என்று கேட்கிறவரிடம் வேறு ஒன்றைக் கொடுத்து ஏமாற்ற மனம் வரவில்லை. ஃபெமினாவின் போனை எடுத்து, ஒரு வெற்றுக் குறிப்பைத் திறந்து நீட்டினார்.

அரவிந்தவல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எ வந்தது. ங் வந்தது. அதற்கப்புறம் விரல் திரையின்மேல் அலைந்தது.

"இரட்டைக் கொம்பு எங்கே? காணலையே."

"முதல்ல 'க'வைத் தொடுங்கம்மா. கொம்பு அப்புறம் வரும்."

"டைப் மெஷின்ல கொம்பு முன்னாடின்னா அடிப்போம்?"

"மெஷின்ல கண்ணுக்குத் தெரியிற வரிசைம்மா. போனு உள்ள வச்சுக்கிறது சொல்ற வரிசையில. முதல்ல எழுத்து, பின்னாடி கொம்பு. காட்டும்போது அதுவே முன்னாடி கொண்டுபோய் வச்சுக் காட்டும்."

'க'வைத் தொட்டதும் உயிரெழுத்து இருந்த இடங்களிலெல்லாம் குறிகள் வந்து நின்றன. இரட்டைக் கொம்பைத் தொட்டார். அது தானாக நகர்ந்து எழுத்துக்கு முன்னால் போய் நின்றது. 'எங்கே'. பட்டையின் நடுவில் உடனே 'இருக்கீங்க' என்று வந்தது. தைரியராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அதைத் தொட்டுவிட்டால் போதும், அவள் வார்த்தைக்கு இன்னும் கொஞ்சம் பலம் கூடும்.

அரவிந்தவல்லி அதை உற்றுப் பார்த்தார்.

"இது உங்காத்துக்காரி சொல்றது. நான் அவர்கிட்ட இப்படிப் பேசினதில்லே."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி 'இருக்கேள்' என்று அடித்தார். அடுத்த வரிக்குப் போனார். 'எங்கே இருக்கேள். கால் வலி எப்படி இருக்கு.' மறுபடி அடுத்த வரி. 'எங்கே இருக்கேள். பசிச்சா யார்கிட்ட கேப்பேள்.' ஒரு தரம் என்று கேட்டவர் நிறுத்தவில்லை. அவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து திரையில் விழ, அவர் முந்தானையால் துடைத்துவிட்டு மேலே அடித்தார்.

தைரியராஜ் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் 'எங்கே' என்றதும் நடுவில் 'இருக்கேள்' வந்தது. 'இருக்கீங்க' ஓரத்துக்குப் போனது. இன்னும் இரண்டு வரி போனதும் ஓரத்திலும் அது இல்லை. கையை நீட்டிப் போனை வாங்கிக்கொள்ளலாம். அந்த அம்மாளும் தப்பாக நினைக்க மாட்டார்.

அரவிந்தவல்லி நிமிர்ந்தார். "போறும்னா சொல்லுங்கோ. உங்களுக்கு நஷ்டமாச்சே."

தைரியராஜ் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எழுதுங்கம்மா," என்றார். "அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."